ஊருக்கு வர்றப்போ நகை, போன், டிவி: கஸ்டம்ஸ்ல எது ஃப்ரீ, எதுக்கு டூட்டி?

துபாய், ஷார்ஜா, தோஹா, சிங்கப்பூர்னு எங்க இருந்து ஊருக்கு கிளம்புனாலும் ரூம்ல ஒரே பேச்சு இதுதான். "லேடீஸ் அஞ்சு பவுன் கொண்டு போலாம்"னு ஒருத்தர் சொல்வார், "இல்ல இல்ல ஒரு லட்சத்துக்கு மேல விடமாட்டான்"னு இன்னொருத்தர், "முப்பது கிலோ அலவன்ஸ் இருக்கு, அதுக்குள்ள எது வேணா வைக்கலாம்"னு மூணாவது ஆளு. இதுல கொஞ்சம் கொஞ்சம் எல்லாமே உண்மைதான், ஆனா ஒவ்வொருத்தரும் வேற வேற விதியோட பாதியை புடிச்சுக்கிட்டு பேசறாங்க. ஏர்லைன் விதி ஒண்ணு, கஸ்டம்ஸ் விதி ஒண்ணு, கஸ்டம்ஸ்லயே நகைக்கு ஒண்ணு, மத்த சாமானுக்கு ஒண்ணு, போதாததுக்கு 2026 பிப்ரவரில பழைய விதியே மாறிப்போச்சு. அதனால அடியில இருந்து வரிசையா சொல்றேன். இந்தியாவுக்கு விமானத்துல திரும்பி வர்றவங்களுக்கு மட்டும்தான் இந்த கட்டுரை.

## லக்கேஜ் டிக்கெட் வேற, செக்போஸ்ட் வேற

பஸ்ல ஒரு பெரிய மூட்டையை ஏத்துறீங்க. கண்டக்டர் மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் கிழிச்சு குடுக்கறார். அவருக்கு மூட்டை எவ்ளோ இடம் அடைக்குது, எவ்ளோ கனம்னுதான் கவலை, உள்ள என்ன இருக்கு, அது என்ன விலைங்கிறது அவர் பிரச்சனை இல்ல. அதே பஸ் ஒரு செக்போஸ்ட்ல நின்னா அங்க ஏறுற ஆபீசர் கனத்தை கேக்கவே மாட்டார், "உள்ள என்ன, எங்க வாங்குனது, பில் எங்க"ன்னுதான் கேப்பார். கண்டக்டர் குடுத்த லக்கேஜ் டிக்கெட்டை அவர்கிட்ட நீட்டுனா அது செல்லாது.

ஏர்லைன் தான் அந்த கண்டக்டர். உங்க டிக்கெட்ல 25 கிலோ, 30 கிலோ, கைப்பை 7 கிலோன்னு போட்டிருக்கறது பேகேஜ் அலவன்ஸ், அதாவது கூடுதல் காசு இல்லாம விமானத்துல ஏத்திக்கற எடை. கஸ்டம்ஸ் அந்த செக்போஸ்ட். அங்க பேசற விஷயம் டூட்டி ஃப்ரீ அலவன்ஸ், அதாவது இறக்குமதி வரி கட்டாம நாட்டுக்குள்ள கொண்டு வரக்கூடிய பொருளோட மதிப்பு. முதல்ல சொன்னது கிலோ கணக்கு, ரெண்டாவது ரூபாய் கணக்கு. நகைக்கு மட்டும் கிராம் கணக்கு, அதுக்கு கீழ வர்றேன்.

இதனாலதான் 30 கிலோவுக்குள்ளயே இருந்தும் டூட்டி வரும், 5 கிலோ எக்ஸஸ் கட்டி வந்தும் ஒரு ரூபா டூட்டி இல்லாம போகலாம். டேட்ஸ், பால் பவுடர், சோப்பு, சென்ட்டுன்னு நாப்பது கிலோ வந்தாலும் மதிப்பு லிமிட்டுக்குள்ள இருக்கும், பாக்கெட்ல ஒரு போன் இருநூறு கிராம்தான் ஆனா லிமிட்டை தாண்டிடும்.

ஏர்லைன் பக்கத்துல நகைக்கும் எலக்ட்ரானிக்ஸுக்கும் ரெண்டே விஷயம் சொல்லிட்டு நகர்ந்துடறேன். பவர் பேங்க், தனி லித்தியம் பேட்டரி எல்லாம் கைப்பைலதான் வரணும், செக்கின் பெட்டில வச்சா பெட்டியை திறந்து எடுத்துடுவாங்க. நகையும் கைப்பைல இல்லனா உடம்புல, செக்கின்ல வேண்டாம், ஏன்னா பெட்டி தொலைஞ்சா உள்ள இருந்த நகைக்கு பெரும்பாலான ஏர்லைன் பொறுப்பேத்துக்கறதில்ல, டிக்கெட் கண்டிஷன்லயே எழுதியிருப்பாங்க.

## ரேஷன் கார்டு மாதிரி யோசிங்க

ரேஷன் கடையில அரிசிக்கு ஒரு அளவு, சர்க்கரைக்கு ஒரு அளவு. நான் இந்த மாசம் அரிசி வாங்கல, அதனால சர்க்கரையை டபுளா போடுங்கன்னு கேக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் சர்க்கரை வாங்கல, அவரோடதை என் கணக்குல சேருங்கன்னும் கேக்க முடியாது. சில சாமான் ரேஷன்லயே கிடையாது, வேணும்னா முழு விலை குடுத்துதான் வாங்கணும்.

கஸ்டம்ஸ் அலவன்ஸும் அச்சு அசல் இப்படித்தான். மூணு தனித்தனி அளவு இருக்கு.

முதலாவது பொது அலவன்ஸ். போன், வாட்ச், ஹெட்போன், மிக்ஸி, துணி, பொம்மை, பரிசுப் பொருள் எல்லாம் இதுக்குள்ள. 2016ல வந்த பேகேஜ் விதிப்படி இது 50,000 ரூபாய். 2026 பிப்ரவரி 2ல இருந்து புது பேகேஜ் விதி வந்துருச்சு, அதுல இது 75,000 ரூபாய். இந்தியாவுல வசிக்கறவங்களுக்கும், வெளிநாட்டு பாஸ்போர்ட் வச்சிருக்கற இந்திய வம்சாவளிக்காரங்களுக்கும் இதே தொகைதான். ரெண்டாவது லேப்டாப். 18 வயசான ஒவ்வொருத்தரும் ஒரு லேப்டாப் கொண்டு வரலாம், புதுசா இருந்தாலும் டூட்டி இல்ல, அந்த 75,000ல அதோட விலை சேராது. மூணாவது நகை, அதுக்கு தனி நிபந்தனை.

இது தவிர நீங்க ஏற்கனவே யூஸ் பண்ணிட்டு இருக்கற சொந்த சாமான், போட்ட துணி, கையில இருக்கற பழைய போன், இதெல்லாம் எந்த கணக்குலயும் வராது. ஆனா பாக்ஸ் பிரிக்காத ரெண்டாவது போனை "நான் யூஸ் பண்றதுதான்"னு சொன்னா யாரும் நம்பமாட்டாங்க, நம்பவும் கூடாது.

ரேஷன்லயே இல்லாத சாமான்னு சொன்னேன்ல, இங்கயும் அப்படி ஒரு பட்டியல் இருக்கு. எல்இடி, எல்சிடி டிவி அதுல ஒண்ணு. 2013 ஆகஸ்ட் வரைக்கும் டிவி பொது அலவன்ஸுக்குள்ள வந்துச்சு, அப்போ ஆளுக்கு ஒரு டிவி தூக்கிட்டு வந்தது நெறைய பேருக்கு ஞாபகம் இருக்கும், அந்த ஞாபகத்துலதான் இன்னும் சிலர் "டிவி ஃப்ரீதானே"ன்னு கேக்கறாங்க. இப்போ டிவிக்கு அலவன்ஸ் கிடையாது, முதல் ரூபாய்ல இருந்தே டூட்டி. தங்க பிஸ்கட், தங்க காசு இதுவும் அதே பட்டியல்தான்.

அடுத்தவங்க அலவன்ஸை சேத்துக்கற விஷயத்தை தனியா சொல்லணும், ஏன்னா குடும்பமா வர்றவங்க எல்லாருமே இதுல தப்பு பண்றாங்க. விதியிலயே எழுதியிருக்கு, ஒரு பயணியோட அலவன்ஸை இன்னொருத்தர் அலவன்ஸோட சேக்க முடியாது. புருஷன் பொண்டாட்டியா இருந்தாலும் சரி. 1,50,000 ரூபா போன் ஒண்ணு வாங்கிட்டு "எனக்கு எழுபத்தஞ்சு, அவளுக்கு எழுபத்தஞ்சு"ன்னு பிரிக்க முடியாது, ஒரு போன் ஒரு ஆளுக்குத்தான் சேரும்.

இதுவரைக்கும் சொன்னதை ஒருதரம் பாத்துக்கலாம். கிலோ ஏர்லைனுக்கு, ரூபாய் கஸ்டம்ஸுக்கு. கஸ்டம்ஸ்ல பொது சாமான், லேப்டாப், நகை மூணும் தனித்தனி அளவு, ஒண்ணுல மிச்சம் இருந்தா இன்னொண்ணுக்கு போகாது, ஒருத்தரோடது இன்னொருத்தருக்கு போகாது. டிவிக்கும் தங்க பிஸ்கட் காசுக்கும் அலவன்ஸே கிடையாது.

## நகை: குழப்பம் எங்க இருந்து வந்துச்சு

"ஆம்பளைக்கு 20 கிராம், பொம்பளைக்கு 40 கிராம்" இது எல்லாருக்கும் மனப்பாடம். நம்ம கணக்குல ரெண்டரை பவுன், அஞ்சு பவுன். ஆனா 2016 விதியில அந்த வரி அதோட முடியல, 20 கிராம், மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல போகக்கூடாது, 40 கிராம், மதிப்பு 1,00,000 ரூபாய்க்கு மேல போகக்கூடாதுன்னு இருந்துச்சு. அதாவது ரெண்டு வேலி, எது முன்னாடி வருதோ அங்க நிக்கணும்.

அந்த ரூபாய் லிமிட் 2013 பட்ஜெட்ல வந்தது. அப்புறம் தங்கம் விலை ஏறிக்கிட்டே போச்சு, லிமிட் அங்கயே நின்னுச்சு. கிராம் 10,000 ரூபாய்னு வச்சா ஒரு லட்சத்துக்கு 10 கிராம்தான், ஒண்ணேகால் பவுன். ஆனா ஊர் பூரா "அஞ்சு பவுன் ஃப்ரீ"ன்னுதான் பேச்சு. இதை நம்பி அஞ்சு பவுன் ஆரத்தை போட்டுட்டு வந்த எத்தனையோ பொண்ணுங்க ஏர்போர்ட்ல கண் கலங்கி நின்னிருக்காங்க, அவங்க யாரும் கடத்தல் பண்ண வந்தவங்க இல்ல, வரியோட முதல் பாதியை மட்டும் கேள்விப்பட்டவங்க.

2026 புது விதியில அந்த ரூபாய் லிமிட்டை எடுத்துட்டாங்க. இப்போ வெறும் எடை மட்டும்தான், பெண் பயணிக்கு 40 கிராம், மத்தவங்களுக்கு 20 கிராம். என்னைக் கேட்டா இது ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே நடந்திருக்க வேண்டியது.

ஆனா மாறாத ஒரு நிபந்தனை இருக்கு, இப்போ ஜனங்க தடுமாறப்போறது இதுலதான். இந்த நகை அலவன்ஸ் ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல வசிச்சுட்டு திரும்பறவங்களுக்கு மட்டும். பத்து நாள் துபாய் டூர் போய் கோல்ட் சூக்ல வளையல் வாங்கிட்டு வந்தா இந்த 40 கிராம் உங்களுக்கு இல்ல. எட்டு மாசம் பையன் வீட்ல பேரப்புள்ளையை பாத்துட்டு திரும்பற அம்மாவுக்கும் இல்ல. விசா அஞ்சு வருஷமா இருக்குங்கறதை விட பாஸ்போர்ட்ல இருக்கற சீலைத்தான் பாப்பாங்க, கடைசியா எப்போ போனீங்க, நடுவுல எப்போ வந்தீங்கன்னு. நடுவுல லீவுக்கு வந்துட்டு போனவங்க தானா முடிவு பண்ணிக்காம கவுண்டர்ல சொல்லி கேட்டுக்கறது பாதுகாப்பு.

நகைன்னா நகை. செயின், வளையல், மோதிரம், ஆரம், கொலுசு. அஞ்சு பவுன் காசா வாங்கி வந்து "அலவன்ஸ் இருக்கே"ன்னா இல்ல, அது டூட்டி கட்ட வேண்டிய தங்கம். ஊர்ல போய் செஞ்சுக்கலாம்னு காசு வாங்கறவங்க இதை கவனிக்கணும்.

## மிச்ச தங்கத்துக்கு எவ்ளோ: ஆறு மாசமும் ஒரு வருஷமும்

அலவன்ஸை தாண்டுனா கொண்டு வரவே கூடாதுன்னு அர்த்தம் இல்ல, டூட்டி கட்டி கொண்டு வரலாம். எந்த ரேட்ல கட்டறீங்கங்கறதுக்கு இன்னொரு நிபந்தனை, இது ஒரு வருஷம் இல்ல, ஆறு மாசம். குறைஞ்சது ஆறு மாசம் வெளிநாட்டுல இருந்துட்டு வர்ற இந்திய பாஸ்போர்ட்காரங்க அல்லது இந்திய வம்சாவளிக்காரங்களை கஸ்டம்ஸ் தகுதியுள்ள பயணின்னு சொல்லுது. அந்த ஆறு மாசத்துல நடுவுல ஊருக்கு வந்துட்டு போயிருந்தாலும் மொத்தம் 30 நாளுக்குள்ளன்னா அதை கணக்குல எடுக்கறதில்ல. இவங்க ஒரு கிலோ வரைக்கும் தங்கத்தை குறைஞ்ச ரேட்ல டூட்டி கட்டி கொண்டு வரலாம், பிஸ்கட் காசும் இதுல அடக்கம், ஆனா கல்லு முத்து பதிச்ச நகை அடங்காது.

அந்த குறைஞ்ச ரேட் ரொம்ப நாள் உசரமா இருந்துச்சு, 2024 ஜூலை பட்ஜெட்லதான் தங்கத்துக்கு 15 சதவீதத்துல இருந்து 6 சதவீதத்துக்கு இறக்குனாங்க. கீழ நான் போடற கணக்கு அந்த 6ஐ வச்சுத்தான். அரசு எப்போ வேணா மாத்தற ரேட் இது, கிளம்பற வாரத்துல ஒருதரம் பாத்துக்கோங்க.

ஆறு மாசம் ஆகாதவங்களுக்கு இந்த 6 கிடைக்காது, அவங்களுக்கு பேகேஜ் ரேட். பேகேஜ் ரேட்னா பயணி கொண்டு வர்ற டூட்டி கட்டவேண்டிய பொது சாமானுக்கு போடற ஒரே ரேட், 35 சதவீதம், அந்த டூட்டி மேல 10 சதவீதம் சர்சார்ஜ், ஆக மொத்தம் 38.5. போனுக்கு, வாட்ச்சுக்கு, டிவிக்கு எல்லாம் இதேதான்.

ஆக ஒரே நகை மூணு பேர் கழுத்துல மூணு மாதிரி. ஒன்றரை வருஷம் இருந்தவங்களுக்கு 40 கிராம் வரை சும்மா, மேல 6. எட்டு மாசம் இருந்தவங்களுக்கு முதல் கிராம்ல இருந்தே 6. பத்து நாள் டூர் போனவங்களுக்கு 38.5. இந்த ஒரு பத்தி புரிஞ்சுட்டா நகை விஷயத்துல முக்கால்வாசி முடிஞ்சுது.

மதிப்பு எப்படி போடுவாங்கன்னு கேப்பீங்க. தகுதியுள்ள பயணி கொண்டு வர்ற தங்கத்துக்கு நகைக்கடை பில்ல இருக்கற விலை அப்படியே வராது, செய்கூலியும் வராது. மத்திய மறைமுக வரி வாரியம் ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் 10 கிராம் தங்கத்துக்கு இத்தனை டாலர்னு ஒரு மதிப்பு அறிவிக்கும், அதுக்கு டாரிஃப் வேல்யூன்னு பேரு. அதை கஸ்டம்ஸ் அறிவிக்கற டாலர் ரேட்ல ரூபாயா மாத்தி அதுமேல டூட்டி போடுவாங்க. பில் வேண்டாம்னு அர்த்தம் இல்ல, எடையும் கேரட்டும் பில்ல இருந்தா அப்ரைசர் உரசி பாக்கற நேரம் மிச்சமாகும்.

## ஒரு குடும்பத்தோட கணக்கு

ஷார்ஜாவுல ரெண்டு வருஷமா ஊருக்கு வராம வேலை பாத்த ஒருத்தர், 14 மாசமா அவரோட இருந்த மனைவி, ரெண்டு பேரும் திருச்சில வந்து இறங்கறாங்கன்னு வச்சுக்குவோம். மனைவி அங்க வாங்குன 5 பவுன் ஆரமும் 2 பவுன் வளையலும் போட்டிருக்காங்க, 56 கிராம். கணவர் கழுத்துல 3 பவுன் செயின், 24 கிராம். கணவர் பையில ஒரு புது லேப்டாப், 1,05,000 ரூபா மதிப்புள்ள புது போன். மனைவி பையில 40,000 ரூபா வாட்ச், 18,000 ரூபா ஹெட்போன். கூட ஒரு டிவி பெட்டி, 25,000 ரூபாய்.

முதல்ல நகை. மனைவிக்கு 40 போக மிச்சம் 16 கிராம், கணவருக்கு 20 போக மிச்சம் 4 கிராம். கணக்குக்காக கிராம் மதிப்பு 12,000 ரூபாய்னு வச்சுக்கலாம். மனைவியோட 16 கிராம் 1,92,000, அதுல 6 சதவீதம் 11,520. கணவரோட 4 கிராம் 48,000, அதுல 2,880. ரெண்டும் சேந்து 14,400 ரூபாய்.

இதே 12,000 விலையில பழைய விதி இருந்திருந்தா மனைவிக்கு ஃப்ரீ எட்டு கிராம் சொச்சம், கணவருக்கு நாலு கிராம் சொச்சம், அவ்ளோதான், பாக்கி அறுபத்தேழு கிராமுக்கும் டூட்டி. புது விதி எவ்ளோ பெரிய வித்தியாசம்னு இதுல தெரியும்.

அடுத்து எலக்ட்ரானிக்ஸ். லேப்டாப் ஃப்ரீ. போன் 1,05,000, அதுல 75,000 கழிஞ்சு மிச்சம் 30,000, அதுக்கு 38.5 சதவீதம் 11,550 ரூபாய். இங்க ஒண்ணு கவனிங்க, லிமிட்டை தாண்டிட்டா முழு 1,05,000க்கும் டூட்டின்னு நெறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல, தாண்டுன பகுதிக்கு மட்டும்தான். மனைவியோட வாட்ச், ஹெட்போன் சேந்து 58,000, லிமிட்டுக்குள்ள, டூட்டி இல்ல. அவங்க கணக்குல இன்னும் 17,000 மிச்சம் இருக்கு, ஆனா அதை கணவரோட போனுக்கு தர முடியாது. டிவிக்கு அலவன்ஸ் இல்லாததால முழு 25,000க்கும் 38.5, அது 9,625 ரூபாய். டூட்டி போக எடையும், உடைஞ்சா என்ன பண்றதுங்கற பயமும் சேத்து பாத்தா டிவியை ஊர்லயே வாங்கிக்கறது மேல்.

மொத்தம் 35,575 ரூபாய். ரெட் சேனல்ல போய் சொல்லி, கட்டி, ரசீது வாங்கிட்டு வெளிய வந்தா விஷயம் முடிஞ்சுது. இதுல நகைக்கான டூட்டியை வெளிநாட்டு கரன்சியில கட்டணும்ங்கறது அந்த 6 சதவீத சலுகையோட நிபந்தனை. கிளம்பறதுக்கு முன்னாடி மிச்ச திர்ஹாமையெல்லாம் மாத்தி ஊருக்கு அனுப்பிட்டு வெறுங்கையோட இறங்கறவங்க இங்க மாட்டிக்கறாங்க, கொஞ்சம் கையில வச்சுக்கோங்க.

## பச்சை வழி, சிவப்பு வழி

இறங்குனதும் பெல்ட்ல பெட்டியை எடுத்துட்டு வெளிய வர்ற வழியில ரெண்டு பாதை இருக்கும். கிரீன் சேனல் வழியா நடந்தா "டூட்டி கட்ட வேண்டியது என்கிட்ட எதுவும் இல்ல"ன்னு நீங்க வாயால சொன்னதுக்கு சமம். ரெட் சேனல்னா "இருக்கு, பாத்து சொல்லுங்க"ன்னு அர்த்தம். நிறைய பேருக்கு ரெட் சேனல்னா தப்பு பண்ணவங்க போற இடம்னு ஒரு பயம். உண்மையில உங்களை காப்பாத்தற வழியே அதுதான்.

மேல சொன்ன குடும்பம் அதே சாமானோட கிரீன் சேனல்ல நடந்து புடிபட்டா 14,400 கட்டிட்டு போன்னு விடமாட்டாங்க. அறிவிக்காம கொண்டு வந்ததா ஆகி நகையை பறிமுதல் பண்ண சட்டத்துல இடம் இருக்கு, மீட்கணும்னா ஒரு அபராதம், தண்டனையா இன்னொரு அபராதம், அதுக்கு மேல டூட்டி. 6 சதவீத சலுகையும் கை நழுவும். ரெட்ல போய் உண்மையை சொன்னவங்களுக்கு இன்னொரு வாசலும் இருக்கு. டூட்டி கட்ட காசு இல்ல, இல்ல கட்ட விருப்பம் இல்லன்னா, பொருளை கஸ்டம்ஸ்லயே வச்சுட்டு திரும்ப வெளிநாடு போறப்போ எடுத்துட்டு போறேன்னு கேக்கலாம், கஸ்டம்ஸ் சட்டம் 80வது பிரிவு. எடை, வகை எல்லாம் எழுதி ரசீது குடுப்பாங்க. ஆனா உண்மையா அறிவிச்ச பொருளுக்குத்தான் இந்த வசதி.

ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடியே போன்ல அறிவிக்க கஸ்டம்ஸோட ATITHI ஆப் 2019ல இருந்து இருக்கு. லைன்ல நின்னு எழுதற பதட்டம் இல்லாம வீட்ல பில்லை பக்கத்துல வச்சுக்கிட்டே போட்டுடலாம்.

சேனல் பத்தி பேசறப்போ குருவி விஷயத்தை சொல்லாம விட முடியல. கிளம்பற அன்னைக்கு தெரிஞ்சவர் ஒருத்தர் வந்து "தம்பி, வெறும் ரெண்டு பவுன் செயின், கழுத்துல போட்டுக்க, வெளிய என் ஆளு வாங்கிப்பான்"னு குடுப்பார். உங்க அலவன்ஸ் நீங்க உங்களுக்கோ உங்க வீட்டாளுக்கோ உண்மையா கொண்டு வர்ற பொருளுக்கு, அடுத்தவர் வியாபாரத்துக்கு இல்ல. வெளிய வந்து கைமாத்தறதை பாத்து புடிச்சா ஸ்டேட்மென்ட்ல கையெழுத்து போடறது நீங்க, கேஸ் உங்க பாஸ்போர்ட் மேல. குடுத்தவர் பேரு எந்த பேப்பர்லயும் இருக்காது.

## போறப்போ போட்டுட்டு போன நகை

எல்லாரும் கேக்கற கேள்வி இது. "கல்யாண நகையை இங்க இருந்து போட்டுட்டு போனேன், திரும்ப வர்றப்போ அதுக்கும் டூட்டியா?" இல்ல. இந்தியாவுல இருந்து போன நகை திரும்பி வர்றது புது இறக்குமதி இல்ல. ஆனா அது இங்க இருந்து போனதுதான்னு காட்டணும், தாலிக்கொடிக்கு யாரும் வம்பு பண்றது அபூர்வம், இருபது பவுன் செட்டுக்கு கேள்வி வரும்.

அதுக்குத்தான் எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட். ஊர்ல இருந்து கிளம்பறப்போ டிபார்ச்சர்ல கஸ்டம்ஸ் கவுண்டர்ல நகையை காட்டுனா, எடை, வகை, அடையாளம் எழுதி சர்டிஃபிகேட் தருவாங்க. திரும்பறப்போ அதை காட்டுனா அந்த நகை கணக்குலயே வராது, உங்க 40 கிராம் முழுசா புதுசுக்கு இருக்கும். விலை கூடுன கேமரா, லேப்டாப்புக்கும் சீரியல் நம்பரோட இதே மாதிரி வாங்கலாம். நடைமுறை சிக்கல் நேரம்தான், ராத்திரி ஃப்ளைட்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி ஓடி வர்றவங்களுக்கு இது நடக்காது. போறதுக்கு முன்னாடி வீட்லயே நகையை ஒரு துணில பரப்பி ஒண்ணொண்ணா போட்டோ எடுத்து, நகைக்கடையில எடை போட்ட சீட்டும் பழைய பில்லும் கையில வச்சுக்கிட்டு, ஒரு மணி நேரம் கூடுதலா ஒதுக்கி வாங்க.

சர்டிஃபிகேட் எடுக்காமலே போயிட்டவங்க பழைய கல்யாண போட்டோ, இந்திய நகைக்கடை பில், நகையில இருக்கற ஹால்மார்க் முத்திரை இதையெல்லாம் வச்சு எடுத்துச் சொல்லலாம். BIS முத்திரையும் பக்கத்துல ஆறு எழுத்து எண் கலந்த HUID நம்பரும் இருந்தா அது இந்தியாவுல வித்த நகைங்கறதுக்கு நல்ல ஆதாரம், 2023 ஏப்ரல்ல இருந்து இங்க விக்கற ஹால்மார்க் நகைக்கு அந்த நம்பர் கட்டாயம்.

டூட்டி கட்டி கொண்டு வந்த நகையோட கஸ்டம்ஸ் ரசீதையும் அதே மாதிரி நகை டப்பாவுக்குள்ளயே வச்சுடுங்க. அடுத்த தடவை அதே ஆரத்தை போட்டுட்டு வெளிநாடு கிளம்பறப்போ கவுண்டர்ல முதல்ல கேக்கற பேப்பர் அதுவாத்தான் இருக்கும்.